ஆட்டோமேட்டிக்கா, குவார்ட்ஸா? முதல் வாட்ச், 15,000 ரூபாய்க்குள்

முதல்சம்பளம் · மார்ச் 4, இரவு 9.40

இதுவரை கையில் வாட்ச் கட்டியதே இல்லை, மணி பார்க்க போன்தான். இப்போது ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன், 15,000 வரை போகலாம். கூட வேலை பார்க்கும் நண்பன் சொல்கிறான், செல் போட்ட குவார்ட்ஸ் வாட்ச் எல்லாம் பொம்மையாம், ஆட்டோமேட்டிக்தான் வாட்ச்சாம், கையை ஆட்டினால் ஆயுசுக்கும் ஓடுமாம், செலவே கிடையாதாம். ஆனால் என் சித்தப்பாவிடம் ஒரு ஆட்டோமேட்டிக் இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் நின்று கிடக்கிறது என்று அதைத் திட்டாத நாளில்லை. இதில் எதை நம்புவது? எனக்கு திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம், நாள் முழுக்கக் கணினி முன்னால். சனி, ஞாயிறு கட்ட மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

வைகைக்கரை · மார்ச் 4, இரவு 10.15

நண்பன் சொன்னது சரி. ஆட்டோமேட்டிக் வாங்கு. ஜுவல் எத்தனை என்று பார், 17ஐ விட 21, 21ஐ விட 24. ஜுவல் கூடக் கூட நேரம் துல்லியம். குவார்ட்ஸ் ஐந்து வருஷத்தில் குப்பைக்குப் போகும். சித்தப்பா வாட்ச் நிற்கிறது என்றால் அவர் கை ஆடவில்லை, அவ்வளவுதான். காலையில் எடுத்து ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கச் சொல்.

பழையலூப் · மார்ச் 5, காலை 6.20

ஓசூரில் வாட்ச் அசெம்பிளியில் பல வருஷம் உட்கார்ந்தவன், இப்போது வீட்டிலேயே ஒரு மேசை போட்டு ரிப்பேர் பார்க்கிறேன். என் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் வித்தியாசம் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்றால், எதை எண்ணி நேரம் சொல்கிறது என்பதில். ஆட்டோமேட்டிக் உள்ளே பேலன்ஸ் வீல் ஒன்று, தலைமுடி மாதிரி ஒரு ஹேர் ஸ்பிரிங்கின் இழுப்பில் இப்படியும் அப்படியும் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும். உன் பட்ஜெட்டில் அதிகம் கிடைக்கும் சீகோ என்.எச். 35 மாதிரியான எஞ்சினில் அது விநாடிக்கு 6 தடவை ஆடும், மணிக்கு 21,600. அதற்கான சக்தி மெயின் ஸ்பிரிங்கிலிருந்து. அந்த ஸ்பிரிங்கைச் சுற்றி வைப்பது, கை ஆடும்போது பின்பக்கம் சுழல்கிற அரை வட்டத் தகடு. ரோட்டார் என்போம்.

குவார்ட்ஸில் ஊஞ்சலுக்குப் பதில் ஒரு படிகத் துண்டு, விநாடிக்கு 32,768 தடவை அதிரும். ஒரு சின்ன சிப் அதைப் பாதி, பாதியில் பாதி என்று பதினைந்து தடவை வகுத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். அந்தத் துடிப்பு ஒரு குட்டி மோட்டாரைத் தட்டும், விநாடி முள் ஒரு கட்டம் நகரும். சக்தி செல்லிலிருந்து.

இதனால் என்ன ஆகிறது? என்.எச். 35க்கு அதைச் செய்கிறவர்களே எழுதித் தரும் கணக்கு, ஒரு நாளைக்கு 40 விநாடி வேகமாகவும் போகலாம், 20 விநாடி மெதுவாகவும் போகலாம் என்பது. நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடும், பத்துப் பதினைந்துக்குள் இருக்கும். சாதாரணக் குவார்ட்ஸ் ஒரு மாசத்துக்கு 15, 20 விநாடி. ஒன்று நாளுக்கு, மற்றது மாசத்துக்கு, இதை நன்றாகப் பார்த்துக்கொள். ஆட்டோமேட்டிக் நாளுக்கு 12 விநாடி கூடுகிறது என்று வை, மாசக் கடைசியில் ஆறு நிமிஷம் முந்திப் போயிருக்கும். இதைக் கேட்டு வாட்ச் மட்டம் என்று நினைக்காதே. ஒரு நாளில் 86,400 விநாடி இருக்கிறது, அதில் 12 தவறுகிறது. ஒரு ஸ்பிரிங்கும் சக்கரமும் இவ்வளவு செய்வதே பெரிய விஷயம். ஆனால் பஸ் பிடிக்கிறவனுக்கு ஆறு நிமிஷம் ஆறு நிமிஷம்தான்.

வைகைக்கரைக்கு: ஜுவல் என்பது தேய்மானம் ஆகும் இடங்களில் வைக்கும் செயற்கை மாணிக்கக் கல். எங்கே உராய்வு இருக்கிறதோ அங்கே கல் இருந்தால் போதும். துல்லியத்துக்கும் எண்ணிக்கைக்கும் நேர்ச் சம்பந்தம் இல்லை. குவார்ட்ஸிலும் சிலவற்றில் கல் உண்டு. குலுக்குவது பற்றித் தனியாகச் சொல்கிறேன், இப்போது ஒரு வேலை வந்திருக்கிறது.

வைகைக்கரை · மார்ச் 5, காலை 8.05

ஐயா, எங்கள் அப்பா வாட்ச் 17 ஜுவல்தான், எச்.எம்.டி. ஜனதா. நாற்பது வருஷமாக ஓடுகிறது. ஒரு குவார்ட்ஸ் அப்படி ஓடிக் காட்டட்டும்.

பழையலூப் · மார்ச் 5, காலை 8.30

ஜனதா ஆட்டோமேட்டிக் இல்லை, தினமும் காலையில் சாவி கொடுக்கிற வாட்ச். அப்பா ஒவ்வொரு நாளும் சாவி கொடுத்திருப்பார், நடுவில் யாரோ கழற்றிக் கழுவி எண்ணெய் போட்டிருப்பார்கள். "செலவே இல்லாமல்" ஓடியிருக்காது, கேட்டுப் பார்.

நாடிபிடிப்பவள் · மார்ச் 5, மதியம் 2.10

நான் நர்ஸ். எங்களுக்கு வாட்ச் என்றால் விநாடி முள்தான். நாடி பிடிக்கும்போது அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவோம். மேலே சொன்ன துல்லியக் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், அரை நிமிஷத்துக்குள் எந்த வாட்ச்சும் தப்பாகாது. ஆனால் கையில் எடுக்கும்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வார்டுக்குள் கையில் கட்டவே கூடாது, சட்டையில் குத்திக்கொள்வோம். சட்டையில் தொங்கினால் ஆட்டோமேட்டிக் சுற்றிக்கொள்ளுமா? நான் முயற்சி கூடச் செய்யவில்லை, குவார்ட்ஸ்தான்.

இன்னொன்று. எங்கள் ஸ்கேன் பிரிவில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் ஆட்டோமேட்டிக் கட்டியிருந்தான். ஒரு நாள் திடீரென்று வாட்ச் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது, நாளுக்குப் பல நிமிஷம் முந்துகிறது. எம்.ஆர்.ஐ. அறைக்குப் பக்கத்தில் கழற்றாமல் போயிருக்கிறான். தம்பி உங்கள் வேலை எங்கே என்பதையும் யோசியுங்கள்.

பழையலூப் · மார்ச் 5, இரவு 8.50

அம்மா சொன்னது அருமையான கேஸ். ஹேர் ஸ்பிரிங் காந்தம் பிடித்துவிட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், நீளம் குறைந்தால் ஊஞ்சல் வேகம் கூடும். அதனால்தான் காந்தம் பிடித்த வாட்ச் மெதுவாகாமல் வேகமாகப் போகிறது. எம்.ஆர்.ஐ. எல்லாம் வேண்டாம், ஸ்பீக்கர், டேப்லெட் உறையின் காந்த மூடி, பெண்கள் கைப்பையின் காந்தப் பொத்தான் எல்லாம் போதும். நேற்று வரை நாளுக்கு 10 விநாடி முந்தியது இன்று 5 நிமிஷம் முந்தினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். போனில் திசைகாட்டி திறந்து வாட்ச்சைப் பக்கத்தில் கொண்டு போனால் முள் துடிக்கும். காந்தம் எடுக்கும் சின்னப் பெட்டி ஒன்று கடைகளில் கிடைக்கும். பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வாட்ச்சை அதன் மேலிருந்து மெதுவாகத் தூரம் கொண்டுபோய், ஒரு கை நீளம் போன பிறகுதான் பொத்தானை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் மறுபடி காந்தம் ஏறிவிடும்.

குவார்ட்ஸ் இதில் வேறு மாதிரி. அதன் மோட்டாருக்குள்ளேயே ஒரு குட்டிக் காந்தம் இருக்கிறது, அதனால் வெளியே பெரிய காந்தம் வந்தால் முள் நின்றுவிடும். தள்ளி வைத்தால் மறுபடி ஓடும். நேரத்தைத் திருத்தினால் போதும்.

சட்டையில் தொங்கும் வாட்ச் சரியாகச் சுற்றிக்கொள்ளாது. நீங்கள் எடுத்த முடிவு சரி.

சுவரோரம் · மார்ச் 5, இரவு 9.30

எங்கள் வீட்டில் ஹால் கடிகாரம் விநாடி முள் 9க்கும் 10க்கும் நடுவில் துடித்துக்கொண்டே நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது. இது ஆட்டோமேட்டிக்கா குவார்ட்ஸா? மாற்ற எவ்வளவு ஆகும்?

பழையலூப் · மார்ச் 5, இரவு 9.45

குவார்ட்ஸ். செல் தீர்ந்துவிட்டது. 9க்குப் பக்கத்தில் முள் மேலே ஏற வேண்டும், அங்கேதான் பலம் போதாமல் நிற்கும். புது பென்சில் செல் போடுங்கள்.

சுவரோரம் · மார்ச் 5, இரவு 10.20

ஓடிவிட்டது!! நன்றி சார்.

முதல்சம்பளம் · மார்ச் 6, காலை 7.15

சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் தீர்வு. எனக்கு இரண்டு நாளாகியும் குழப்பம் கூடிவிட்டது. சித்தப்பா வாட்ச் ஏன் நிற்கிறது என்று சொல்லுங்கள் சார். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார், பகலெல்லாம் டி.வி. முன்னால்தான். வாட்ச் பின்னால் 7எஸ்26 என்று இருக்கிறது.

பழையலூப் · மார்ச் 6, இரவு 9.00

இதற்குத்தான் காத்திருந்தேன், ஏனென்றால் உன் கேள்விக்குப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

7எஸ்26 சீகோவின் பழைய எஞ்சின், நல்ல உழைப்பாளி, ஆனால் அதற்கு இரண்டு விஷயம் கிடையாது. குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது, குமிழை வெளியே இழுத்தாலும் விநாடி முள் நிற்காது. அதாவது சுற்றிக்கொள்ள ஒரே வழி கை ஆட்டம். டி.வி. முன்னால் உட்காருகிறவர் கை ஆடுவது எவ்வளவு? பகலில் ஸ்பிரிங் பாதிதான் ஏறியிருக்கும், இரவு கழற்றி வைத்ததும் இருப்பதைத் தின்றுகொண்டே போய் விடியற்காலையில் நிற்கும்.

ஆனால் இதை நான் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் எண்ணெய் காய்ந்த வாட்ச்சும் இதே மாதிரிதான் நிற்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வாட்ச்சைப் படுக்கையாகப் பிடித்துக்கொண்டு வட்டமாக, நிதானமாக, சில நூறு தடவை சுழற்றச் சொல். வேகமாக உதறக் கூடாது, அதில் ரோட்டார் சுழலாது, முட்டிக்கொள்ளும் அவ்வளவுதான். வைகைக்கரை சொன்ன குலுக்கலுக்கு இதுதான் பதில். நன்றாக ஏறிய பிறகு டயல் மேலே பார்க்க மேசையில் வைத்துவிட்டு, எப்போது நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை நாள், அதற்குப் பக்கத்தில் ஓடினால் வாட்ச்சில் குறை இல்லை, சித்தப்பாவின் நாற்காலிதான் காரணம். இருபது மணி நேரத்துக்குள் நின்றால் உள்ளே திறந்து பார்க்க வேண்டும்.

இப்போது உன் கணக்குக்கு வா. என்.எச். 35 முழுதாக ஏறியிருந்தால் 41 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு 8 மணிக்குக் கழற்றி வைக்கிறாய். ஞாயிறு மதியம் 1 மணிக்கு நின்றுவிடும். அதுவும் முழுதாக ஏறியிருந்தால்தான். நீயும் கணினி முன்னால் உட்காருகிறவன், விசைப்பலகை தட்டினால் ரோட்டார் சுழலாது, மணிக்கட்டு திரும்ப வேண்டும். அதனால் சனி இரவே நின்றாலும் ஆச்சரியம் இல்லை. திங்கள் காலை உனக்கு ஒரு வேலை காத்திருக்கும்.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன், படித்துவிட்டு உனக்குப் பிடிக்கிறதா எரிச்சல் வருகிறதா என்று பார். குமிழை இழுக்காமல் இருபது முப்பது தடவை திருகு, ஓட ஆரம்பிக்கும். முழுதாக ஏற ஐம்பதுக்கு மேல் வேண்டும், ஆனால் கட்டிக்கொண்டு கிளம்ப இது போதும். குமிழைக் கடைசி வரை இழுத்து முட்களை 6 மணிக்குக் கொண்டுபோ. அப்புறம் ஒரு கட்டம் உள்ளே தள்ளித் தேதியை நேற்றைய தேதிக்கு வை. மறுபடி வெளியே இழுத்து, முட்களை முன்னோக்கிச் சுற்றி நள்ளிரவைத் தாண்டவிட்டு, தேதி தானாக இன்றைக்கு மாறியதும் சரியான நேரத்தில் நிறுத்து. இத்தனை சுற்று எதற்கு என்றால், இரவு 9க்கும் அதிகாலை 4க்கும் நடுவில் தேதிச் சக்கரத்தின் பல் ஏற்கெனவே பிடித்திருக்கும். அந்த நேரத்தில் நேரடியாகத் தேதியை மாற்றினால் பல் உடையலாம். என் மேசைக்கு வரும் ஆட்டோமேட்டிக்குகளில் "தேதி மட்டும் மாறவில்லை சார்" என்கிற கேஸ் ஒரு தனிக் கூட்டம்.

கொங்குநாடான் · மார்ச் 6, இரவு 10.40

ஆமாம், இதுதான் நான் என் ஆட்டோமேட்டிக்கை விற்றுவிட்ட காரணம். திங்கள் காலை பத்து நிமிஷம் கூட இருக்காது, இருந்தாலும் ஏழு மணி ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாட்ச்சுக்குப் பூஜை செய்ய மனசு வராது. இப்போது வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் குவார்ட்ஸ் கட்டுகிறேன், எப்போது எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

வைகைக்கரை · மார்ச் 7, காலை 7.00

ஒரு வைண்டர் பெட்டி வாங்கி அதில் மாட்டி வைத்தால் ஆயிற்று. தானே சுழலும். இதெல்லாம் ஒரு பிரச்சினையா?

பழையலூப் · மார்ச் 7, காலை 9.10

வைண்டர் வாங்கலாம், ஆனால் 15,000 ரூபாய் வாட்ச்சுக்கு அந்தப் பெட்டியில் காசு போடுவதற்குப் பதில் பட்டையில் போடலாம். அது தவிர, ஓடாத வாட்ச் தேயாது. ரெண்டு நாள் நின்று கிடப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. வைண்டர் நல்லதா கெட்டதா என்று எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. தினமும் குமிழில் சாவி கொடுப்பது பல்சக்கரத்தைத் தேய்க்குமா என்பதிலும் அப்படித்தான், என் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் தேய்க்கும் என்பார்கள். நான் வாரத்துக்கு ஒரு தடவை திருகினால் ஒன்றும் ஆகாது என்கிற கட்சி.

வெளிச்சத்தில் சார்ஜ் ஆகிறது நல்ல யோசனைதான், சிட்டிசன், கேஸியோ எல்லாம் செய்கிறார்கள். உள்ளே இருப்பது குவார்ட்ஸேதான், செல் மட்டும் வேறு வகை. முழுக்கை சட்டைக்குள் மறைத்தே கட்டினாலோ மாசக்கணக்கில் இருட்டு டிராயரில் போட்டாலோ சோர்ந்துவிடும். ஜன்னல் பக்கம் வைத்தால் போதும்.

குவார்ட்ஸ் ஐந்து வருஷத்தில் குப்பை என்று வைகைக்கரை சொன்னதற்கும் வருகிறேன். ஊரில் அதிகம் போடும் 626 அளவு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு சுமார் 28 மில்லி ஆம்பியர் மணி. வாட்ச் எடுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவு. வகுத்தால் 28,000 மணி நேரம், மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் வாட்ச் ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது? பெரும்பாலும் மூன்று காரணம்தான், மூன்றும் செல் சம்பந்தப்பட்டவை.

முதலாவது, எஸ்.ஆர். என்று அச்சிட்ட சில்வர் ஆக்ஸைடு செல் போட வேண்டிய இடத்தில் அதே அளவில் விலை மலிவான எல்.ஆர். ஆல்கலைன் செல்லைப் போட்டுவிடுவார்கள். உள்ளே அச்சாகப் பொருந்தும். ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும், கசியவும் வாய்ப்பு அதிகம். கசிந்தால் பச்சையாக உப்புப் பூத்து மோட்டாரின் கம்பிச்சுருளைத் தின்றுவிடும். அதற்கப்புறம் எஞ்சினையே மாற்ற வேண்டும். கடையில் செல்லை அட்டையோடு காட்டச் சொல்லிக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, பின்மூடியின் ரப்பர் வளையம். மூடியைத் திறந்து மூடும்போது அது மடிந்தாலோ காய்ந்திருந்தாலோ மறுநாள் மழையில் கண்ணாடிக்கு உள்ளே பனி படரும். மூன்றாவது, செல் நின்ற பிறகு வாட்ச்சை மாசக்கணக்கில் அப்படியே டிராயரில் போட்டு வைப்பது. உங்கள் தாத்தா பெட்டியில் இருக்கும் வாட்ச்களில் பாதி இப்படித்தான் போயிருக்கும்.

சரி, இன்னொரு அடையாளம்: புதுச் செல், அதுவும் நல்ல செல், ஆறேழு மாசத்தில் தீர்ந்தால் செல்லைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே எண்ணெய் இறுகி, மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம். குவார்ட்ஸுக்கும் எண்ணெய் உண்டு என்பதையே நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

வைகைக்கரை · மார்ச் 7, மதியம் 12.30

ஓசூர்க்காரர் குவார்ட்ஸுக்குத்தான் பேசுவார், அவர் ஊர்ச் சோறு அது.

பழையலூப் · மார்ச் 7, மதியம் 1.15

ஹா, பிடித்துவிட்டீர்கள். உண்மைதான், டைட்டன் 1984இல் டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது, ஆரம்பத்திலிருந்தே குவார்ட்ஸை நம்பித்தான் ஓசூரில் ஆலை வைத்தார்கள். எச்.எம்.டி. 1961இல் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் ஆரம்பித்து, கடைசி வரை சாவி வாட்ச்சை விட மனசில்லாமல், 2016இல் வாட்ச் பிரிவையே மூட அரசு முடிவெடுத்தது. எங்கள் ஊருக்கும் பெங்களூருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் இரண்டு ஆலையும் எதிரெதிர்த் திசையில் போயின. ஆனால் ஒன்று, 1969 டிசம்பர் 25இல் சீகோ முதல் குவார்ட்ஸ் கை வாட்ச்சை விற்றபோது அதன் விலை 4,50,000 யென். அப்போது குவார்ட்ஸ்தான் பணக்காரன் வாட்ச். இன்று முந்நூறு ரூபாய்க்கு நடைபாதையில் கிடைக்கிறது என்பதற்காக அதைப் பொம்மை என்பது எனக்கு ஒப்பவில்லை. என் கையில் கட்டியிருப்பது என்னவோ ஆட்டோமேட்டிக்தான்.

கொங்குநாடான் · மார்ச் 7, மதியம் 1.40

கடைசி வரியில் கவிழ்த்துவிட்டார்!

பர்மாபஜார்ரசிகன் · மார்ச் 7, மாலை 6.25

தம்பி, 15,000 எதற்கு? ஆன்லைனில் பழைய ஆட்டோமேட்டிக் சீகோ 5 மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது, டயல் பளபளவென்று ஆரஞ்சு, பச்சை எல்லாம். நான் ஒன்று வாங்கினேன், பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. ஒரு மாசத்தில் எழுத்து உரிய ஆரம்பித்தது. இருந்தாலும் ஓடுகிறது.

பழையலூப் · மார்ச் 7, இரவு 9.20

அந்த ஆரஞ்சு நிறத்தில் அந்த மாடல் எப்போதும் வந்ததே இல்லை என்றுதான் பந்தயம் கட்டுவேன். பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்து, கிடைத்த முள், கிடைத்த கேஸ் என்று கோத்து விற்கிறார்கள். பார்க்க வேண்டியது எழுத்து: ஓரம் தடித்து, கோணலாக, விநாடிக் கோடுகள் மணிக் குறிகளோடு சேராமல் இருந்தால் மறுபெயின்ட். எழுபதுகளின் வாட்ச் ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் பளிங்காக இருந்தாலே கை வைக்கக் கூடாது. உள்ளே என்ன எண்ணெய், என்ன பல் என்று யாருக்கும் தெரியாது. பழகியவர்கள் வாங்கலாம். முதல் வாட்ச்சுக்கு வேண்டாம்.

நாடிபிடிப்பவள் · மார்ச் 8, காலை 11.00

சார், ஆட்டோமேட்டிக் சர்வீஸ் செலவு என்று யாரும் சொல்லவே இல்லையே. அந்த ஸ்கேன் பையன் சர்வீஸுக்குக் கொடுத்துவிட்டு, விலையைக் கேட்டு வாட்ச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

பழையலூப் · மார்ச் 8, இரவு 8.10

கேட்க வேண்டிய கேள்வி. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, சில சமயம் ஏழெட்டு கூடப் போகும், ஆட்டோமேட்டிக்கை முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெய் போட்டு, மறுபடி கோத்து நேரம் சரிபார்க்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் எனக்கு அரை நாள் போகும். என்.எச். 35 மாதிரி எஞ்சினில் வேடிக்கை என்னவென்றால், புது எஞ்சினே அந்தக் கூலிக்குப் பக்கத்து விலையில் கிடைக்கிறது. அதனால் பல பேர் கழுவுவதே இல்லை, பழசைக் கழற்றி எறிந்துவிட்டு புதுசைப் போட்டு முட்களை மாட்டித் தந்துவிடுவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் "முழு சர்வீஸ்" என்று பில் போட்டால் என்ன செய்தார்கள் என்று கேள். எஞ்சின் மாற்றினால் பழைய எஞ்சினைத் திருப்பித் தரச் சொல்.

"ஆயுசுக்கும் செலவில்லை" என்பவர்கள் இந்த வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். குவார்ட்ஸுக்குச் சின்னச் செலவு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. ஆட்டோமேட்டிக்குக் கொஞ்சம் பெரிய செலவு ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவை.

தம்பி, உனக்கு என் அபிப்பிராயம்: ஒரே ஒரு வாட்ச், வாரத்தில் ஐந்து நாள், மேசை வேலை. கணக்குப்படி குவார்ட்ஸ், அதிலும் கொங்குநாடான் சொன்ன வெளிச்ச வகை. ஆனால் நான் மேலே எழுதிய திங்கள் காலை வேலையைப் படிக்கும்போது "இதைச் செய்து பார்க்க வேண்டும்" என்று கை பரபரத்திருந்தால் அந்தக் கணக்கைத் தூக்கிப் போடு. அப்போது வாங்கினால், குமிழில் சாவி கொடுக்க முடிகிறதா, இழுத்தால் விநாடி முள் நிற்கிறதா என்று இரண்டையும் கடையிலேயே செய்து பார். சித்தப்பா வாட்ச் மாதிரி மாட்டிக்கொள்ளாதே.

முதல்சம்பளம் · மார்ச் 15, இரவு 10.05

முதலில் சித்தப்பா: நீங்கள் சொன்ன மாதிரி நிதானமாகச் சுழற்றி மேசையில் வைத்தோம். நாற்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடியது. குறை நாற்காலியில்தான். சித்தி இதைக் கேட்டுவிட்டு இப்போது அவரைக் கடைக்கு அனுப்புகிறார், "கை ஆடட்டும்" என்று.

அப்புறம் நான். கடையில் வெளிச்சத்தில் ஓடும் ஒன்றைக் கையில் கட்டிப் பார்த்தேன், ரொம்ப நன்றாக இருந்தது, வாங்கத்தான் போனேன். பக்கத்தில் பின்பக்கம் கண்ணாடி வைத்த ஆட்டோமேட்டிக் ஒன்று. பேலன்ஸ் வீல் ஆடுவது தெரிந்தது. அவ்வளவுதான், அதை வாங்கிவிட்டேன். குமிழ், விநாடி முள் இரண்டும் சரிபார்த்தேன். என்.எச். 35தான். இப்போது தினமும் 14 விநாடி முந்துகிறது. திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

கொங்குநாடான் · மார்ச் 15, இரவு 10.20

தெரியும், தெரியும். எல்லாரும் இப்படித்தான் கண்ணாடியில் விழுகிறார்கள். ஒரு வருஷம் கழித்து என்னிடம் வா, வெளிச்ச வாட்ச் எது வாங்கலாம் என்று சொல்கிறேன்.

பழையலூப் · மார்ச் 16, காலை 6.30

14 விநாடி அந்த எஞ்சினுக்கு நல்ல பிள்ளை. திருப்பிக் கொடுக்காதே, திறந்து சரிசெய்யச் சொல்லியும் யாரிடமும் கொடுக்காதே, வாரண்டி போய்விடும். முதல் சில வாரம் ஓடட்டும், கொஞ்சம் மாறும்.

அதுவரை இதைச் செய்து பார். இரவு கழற்றி வைக்கும் விதத்தைப் பொறுத்து ஓட்டம் மாறும், ஏனென்றால் பேலன்ஸ் வீல் படுத்திருக்கும்போது ஒரு மாதிரியும் நிமிர்ந்திருக்கும்போது ஒரு மாதிரியும் ஆடும். சில நாள் டயல் மேலே பார்க்க வை, சில நாள் குமிழ் மேலே பார்க்க நிமிர்த்தி வை, சில நாள் குமிழ் கீழே. ஒவ்வொன்றிலும் காலையில் எத்தனை கூடியது, எத்தனை குறைந்தது என்று போன் நேரத்தோடு பார். எந்த நிலையில் இரவில் பின்தங்குகிறதோ அப்படியே தினமும் வைத்தால், பகலில் முந்துவதை இரவில் தின்றுவிடும். எல்லா வாட்ச்சிலும் இது கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன்.

வைகைக்கரை · மார்ச் 16, காலை 7.45

ஆட்டோமேட்டிக் வாங்கினான் பார்! நான் முதல் நாளே சொன்னேன். எத்தனை ஜுவல்?

முதல்சம்பளம் · மார்ச் 16, காலை 8.10

24.

வைகைக்கரை · மார்ச் 16, காலை 8.12

அதான்.